பொருள்: ஏரி அசைன்மென்ட்டை வீடியோவுக்குப் பதில் கையெழுத்தில் தர அனுமதி வேண்டி

வணக்கம் மேடம்,

நான் மூன்றாம் ஆண்டு புவியியல், கவிதா. மயிலம் பக்கத்துக் கிராமம். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததிலிருந்து எங்கள் ஊரில் நெட் இல்லை. கரண்ட் நாலாம் நாள் வந்துவிட்டது, ஆனால் ஃபைபர் கேபிள் அறுந்து கிடக்கிறது, போனில் பேச மட்டும் எப்போதாவது சிக்னல் கிடைக்கிறது. இந்த மெயிலையே திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துதான் அனுப்புகிறேன்.

நாளை, டிசம்பர் 9-ஆம் தேதி, பத்து நிமிட வீடியோவை கூகுள் கிளாஸ்ரூமில் ஏற்ற வேண்டும். ஃபைல் 1.4 ஜிபி இருக்கிறது மேடம், இங்கே நின்று ரெண்டு முறை முயற்சி செய்தும் பாதியிலேயே நின்றுபோனது.

அதனால் அதே விஷயத்தைக் கையால் எழுதி, நாளை காலை டிபார்ட்மெண்ட்டில் நேரில் தரலாமா? எங்கள் ஏரியின் மதகு, கலங்கல், வரத்து வாய்க்கால் மூன்றையும் வரைந்து, 14 பக்கம் எழுதி முடித்துவிட்டேன். புயலுக்கு முன்னால் அளந்த நீர்மட்டமும், அப்புறம் கலங்கல் வழிந்தபோது குறித்ததும் அதில் இருக்கின்றன, வீடியோவில் பின்னது கிடையாது. வீடியோவையும் பென் டிரைவில் கொண்டுவருகிறேன், நீங்கள் கேள்வி கேட்டால் நேரிலேயே விளக்கவும் தயார்.

தேதியைத் தள்ளிவைக்கக் கேட்கவில்லை மேடம், தரும் விதத்தை மட்டும் மாற்றிக்கொள்ள அனுமதி கொடுங்கள். மெயில் பார்க்க முடியாது என்பதால் சரியா இல்லையா என்று ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினால் போதும், என் நம்பர் வகுப்புப் பட்டியலில் இருக்கிறது.

நன்றி மேடம்,
கவிதா