கார்பன் சுழற்சி: ஐந்தாம் அத்தியாயத்தின் சுருக்கம்

வியாழக்கிழமை இன்டர்னலுக்கு இந்த அத்தியாயத்தில் இருந்து ஒரு பத்து மார்க் கேள்வியாவது வரும். கதை எல்லோருக்கும் தெரியும். மார்க் போவது எண்ணில்தான், அதிலும் இருப்பையும் பாய்வையும் மாற்றி எழுதுவதில்தான். அதனால் முதலில் அலகு.

இருப்பு என்றால் ஓரிடத்தில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்பது. அலகு ஜிகாடன், அதாவது நூறு கோடி டன். பாய்வு என்றால் ஆண்டுக்கு எவ்வளவு இடம் மாறுகிறது என்பது. அலகு ஆண்டுக்கு ஜிகாடன். 'ஆண்டுக்கு' என்ற சொல் விட்டுப்போனால் விடையே வேறாகிவிடும். இன்னொன்று, அத்தியாயம் முழுக்கக் கணக்கு கார்பனில் இருக்கிறது. செய்தித்தாளில் வருவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடின் எடை. கார்பனை 44/12, அதாவது 3.67ஆல் பெருக்கினால் அது கிடைக்கும்.

இருப்புகளில் மிகப் பெரியது பாறை. சுண்ணாம்புக்கல்லிலும் மற்ற படிவுப் பாறைகளிலும் கோடிக்கணக்கான ஜிகாடன் கிடக்கிறது. அடுத்தது ஆழ்கடல், சுமார் 37,000. மேற்பரப்புக் கடலில் 900. நிலத்தில் மண்ணில் 1,700, செடிகொடி மரங்களில் 450. நிரந்தர உறைமண்ணில் 1,200 முதல் 1,400 வரை; இதை மண்ணோடு சேர்க்காமல் தனியாக எழுதுங்கள். எடுக்கக்கூடிய படிம எரிபொருள் சுமார் 900, அதில் பாதிக்கு மேல் நிலக்கரி. காட்டைவிட மண்ணில்தான் கார்பன் அதிகம் என்பது பலருக்கும் நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை.

வளிமண்டலத்தை மனப்பாடம் செய்யவே வேண்டாம். பிபிஎம் என்றால் காற்றில் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு கார்பன் டை ஆக்சைடு என்பது. 1 பிபிஎம் என்றால் 2.12 ஜிகாடன் கார்பன். 1750இல் 278 பிபிஎம், பெருக்கினால் 589. 2019இல் 410 பிபிஎம், பெருக்கினால் 869. வித்தியாசம் 280.

இப்போது பாய்வுகள். ஒளிச்சேர்க்கை நிலத்தில் ஆண்டுக்குச் சுமார் 120 ஜிகாடனைக் காற்றிலிருந்து எடுக்கிறது. சுவாசம், மக்கல், காட்டுத்தீ மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய அவ்வளவையும் திருப்பிவிடுகின்றன. கடலுக்கும் காற்றுக்கும் இடையே இரு திசையிலும் சுமார் 80. ஆறுகள் கடலுக்குக் கொண்டுபோவது ஒரு ஜிகாடனுக்குக் கொஞ்சம் குறைவு. எரிமலை சுமார் 0.1தான். (புதிய அட்டவணைகளில் ஒளிச்சேர்க்கை 140 வரை போகும். எதை எழுதினாலும் சுவாசத்தையும் அதே அட்டவணையிலிருந்தே எடுங்கள்.)

இருப்பு பெரிது என்பதால் பாய்வும் பெரிதாக இருக்கும் என்று நினைக்கக் கூடாது. இதற்குக் கடல்வாழ் உயிரினங்களைவிட நல்ல உதாரணம் இல்லை. அவற்றின் மொத்த இருப்பு வெறும் 3 ஜிகாடன். ஆனால் மிதவைத் தாவரங்கள் ஆண்டுக்குச் சுமார் 50 ஜிகாடனை உடலாக்குகின்றன. பிறந்த சில நாளிலேயே தின்னப்படுகின்றன, அதனால் இருப்பு சேர்வதே இல்லை. பாறை நேர் எதிர்: மலையளவு இருப்பு, துளியளவு பாய்வு.

மனிதர் சேர்ப்பதுதான் அத்தியாயத்தின் முக்கியப் பகுதி. 2010 முதல் 2019 வரையிலான ஆண்டுச் சராசரி இது. படிம எரிபொருள், சிமென்ட் இரண்டிலும் 9.4. காடழிப்பு போன்ற நிலப் பயன்பாட்டு மாற்றத்தில் 1.6. ஆக மொத்தம் 11. இதில் காற்றில் தங்கியது 5.1, நிலம் உறிஞ்சியது 3.4, கடல் உறிஞ்சியது 2.5. கூட்டிப் பாருங்கள், 11 வரும். 5.1ஐ 2.12ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 2.4 பிபிஎம். ஹவாயின் மௌனா லோவாவில் அளந்த உயர்வும் அந்த அளவில்தான் இருக்கிறது. 1958இல் சார்ல்ஸ் கீலிங் என்ற விஞ்ஞானி அங்கே அளக்கத் தொடங்கியபோது சுமார் 315 பிபிஎம்.

120க்கு முன்னால் 11 சின்னது, அது எப்படி நிலைமையை மாற்றும் என்று கேட்டால்: இயற்கையின் 120க்கு எதிரே கிட்டத்தட்ட அதே அளவு செலவு இருக்கிறது, மனிதரின் 11க்குச் சமமான செலவு இல்லை. நிலமும் கடலும் பாதிக்குக் கொஞ்சம் அதிகமாக ஏற்கின்றன, மீதி காற்றில் குவிகிறது. கடல் ஏற்பது சும்மா நடப்பதில்லை, மேற்பரப்பின் பிஹெச் 8.2இல் இருந்து 8.1க்கு இறங்கியிருக்கிறது, அதாவது அமிலத்தன்மை கூடியிருக்கிறது. பிஹெச் மடக்கை அளவு என்பதால் 0.1 குறைந்தால் ஹைட்ரஜன் அயனி சுமார் 26 சதவீதம் கூடியிருக்கும்.

கடைசியாக ஒரு பொறி. காற்றின் இருப்பு 870. ஆண்டுக்கு அதிலிருந்து நிலத்துக்கு 120, கடலுக்கு 80, ஆக 200 போகிறது. 870ஐ 200ஆல் வகுத்தால் நாலு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் வரும். இது ஒரு கார்பன் அணு காற்றில் தங்கும் சராசரிக் காலம் மட்டும்தான். அந்த அணு போகும்போது கடலில் இருந்தோ மரத்தில் இருந்தோ வேறொன்று வந்துவிடும், ஆக மிகுதி அப்படியே நிற்கும். மிகுதி குறைய அது ஆழ்கடலுக்கு இறங்க வேண்டும், அந்தக் கலப்புக்கு நூற்றாண்டுகள் ஆகும். எஞ்சுவதைப் பாறை சிதைவு எடுத்துக்கொள்ளப் பல்லாயிரம் ஆண்டுகள். 'நாலு வருஷத்தில் சரியாகிவிடும்' என்று தேர்வில் கொடுத்திருந்தால் தவறு என்று போடுங்கள்.