ஊஞ்சல் விலை விஷயமாக

அண்ணே, வணக்கம். முந்தாநாள் ராத்திரி நீங்கள் அனுப்பியதைப் பார்த்தேன். உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள், பங்காளிகள் இரண்டு பேரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதலாம் என்று இருந்துவிட்டேன்.

65,000 சொன்னதற்கு 25,000 கேட்டிருக்கிறீர்கள். கேட்டதில் தப்பே இல்லை, முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் பழைய சாமான் வாங்கப் போனால் நானும் பாதிக்குக் கீழேதான் ஆரம்பிப்பேன். ஆனால் இந்த விலை கட்டாது அண்ணே.

சங்கிலி நாலையும் கொக்கியோடு எடை போட்டோம், 22 கிலோ. காரைக்குடியில் ஒரு பாத்திரக்கடையில் பழைய பித்தளைக்குக் கிலோ 450 தருகிறேன் என்றார்கள், அதுவே 9,900 ஆகிவிடுகிறது. பலகை ஆறரை அடி நீளம், 27 அங்குல அகலம், 2 அங்குலக் கனம். கிட்டத்தட்ட இரண்டரை கன அடி பர்மா தேக்கு, அதை மரமாக மட்டும் கேட்டவரே 12,000 சொல்லிவிட்டுப் போனார். ஆக, உங்கள் 25,000 ஊஞ்சலை உடைத்து விற்கிற விலைக்கு மூவாயிரம்தான் கூட.

உடைக்காமல் வைத்திருப்பதற்குக் காரணம் அந்த அகலம். ஒட்டே கிடையாது, ஒரே பலகை. படத்தில் இது தெரியாது, நேரில் தலைமாட்டுப் பக்கம் குனிந்து பார்த்தால் ரேகை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அறுபடாமல் ஓடும். இப்போது புதிதாகச் செய்யச் சொன்னால் இரண்டு மூன்று பலகையை ஒட்டித்தான் தருகிறார்கள்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வளையம் தேய்ந்திருக்கிறது, மாட்டுவதற்கு முன் அதை மாற்றியே ஆக வேண்டும். மேலே ஒரு மூலையில் எங்கள் அப்பத்தா வெற்றிலைச் செல்லம் வைத்து வைத்து உண்டான கறை வேறு இருக்கிறது (அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை). அதையெல்லாம் கழித்து 57,000 போடுங்கள். மூன்று பங்கு, ஆளுக்கு 19,000, அதற்குக் கீழே போனால் என்னால் அவர்களிடம் பேச முடியாது. வண்டியில் ஏற்றிக் கட்டித்தரும் கூலி என் பொறுப்பு.

அது கையைக் கடிக்கிறது என்றால், சங்கிலியை விட்டுவிட்டுப் பலகையை மட்டும் 46,000க்கு எடுத்துக்கொள்ளுங்கள், சங்கிலி பிறகு எங்கேயாவது பார்த்துக்கொள்ளலாம். இரண்டும் சரிப்படவில்லை என்றாலும் சொல்லுங்கள், பின்கட்டில் நாலடி ஊஞ்சல் ஒன்று சும்மாதான் கிடக்கிறது, அதற்கு இன்னும் விலையே யோசிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு வரை வேறு யாரிடமும் பேசி முடிக்க மாட்டேன். அதற்குள் ஒரு நாள் கானாடுகாத்தானுக்கு வாருங்கள், அளவு நாடா கொண்டுவந்து நீங்களே அளந்து, உட்கார்ந்து ஆடியும் பார்த்துவிடுங்கள். மத்தியானம் வருவதாக இருந்தால் சாப்பாடு நம் வீட்டில்தான், சைவமா அசைவமா என்று மட்டும் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.