அப்பாவின் அஸ்தியைக் கடலில் கரைப்பது குறித்த உங்கள் வேண்டுகோளுக்குப் பதில்

பங்குத்தந்தை இல்லம்
2 செப்டம்பர் 2025

அன்புக்குரிய கிளாரா, ஜெரால்டு, லில்லி மூவருக்கும்,

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

ஜெரால்டு கொண்டுவந்து கொடுத்த கடிதத்தை அன்றிரவே படித்துவிட்டேன். மூன்று பேரும் கையெழுத்திட்டு ஒரே கடிதமாக எழுதியிருந்தது மனதுக்கு நிறைவாக இருந்தது. அப்பா இறந்த பிறகு பிள்ளைகள் ஆளுக்கொரு கடிதம் எழுதும் வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். பதில் எழுத ஒன்பது நாள் எடுத்துக்கொண்டதற்கு மன்னியுங்கள். எனக்குத் தெரிந்ததை மட்டும் வைத்து எழுதிவிடக் கூடாது என்று ஆயர் இல்லத்திலும் கேட்டுவிட்டு வந்தேன்.

உங்கள் அப்பா சூசை மிக்கேலை நான் நேரில் பார்த்ததில்லை. நான் இந்தப் பங்குக்கு வந்தபோது அவர் கிளாராவிடம் டொரோண்டோவுக்குப் போய் இரண்டு வருடமாகியிருந்தது. ஆனால் இந்த ஒன்பது நாளில் கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு அவரை ஓரளவு தெரிந்துகொண்டேன். வாடை எந்த நேரத்தில் திரும்பும் என்று அவர் சொன்னால் மற்றவர்கள் வலையை எடுத்துவிடுவார்களாம். "என்னைக் கடலில் விட்டுவிடுங்கள்" என்று அவர் கடைசி மாதத்தில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். அஸ்தியைக் கடலில் கரைப்பதற்கு நான் வர இயலாது; அதை மந்திரித்துத் தரவும் இயலாது. அதில் ஒரு சிட்டிகை வீதம் மூன்று வெள்ளிப் பதக்கங்களில் அடைத்து ஆளுக்கொன்று வைத்துக்கொள்வதற்கும் திருச்சபை ஒழுங்கு இடம் தருவதில்லை. இரண்டையும் சொல்ல எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் கடிதத்தின் நடுவில் கிளாரா எழுதிய ஒரு வரி என்னை உறுத்தியது. அப்பாவை எரித்தது பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. இல்லை. 1963ஆம் ஆண்டிலேயே திருச்சபை தகனத்துக்கு இருந்த தடையை நீக்கிவிட்டது. அடக்கம் செய்வதையே அது மிகவும் விரும்புகிறது. ஆனால் உயிர்ப்பை மறுப்பதற்காகச் செய்யாதவரை தகனத்தைத் தடுப்பதில்லை. இப்போதைய திருச்சபைச் சட்டத்தின் 1176ஆம் எண்ணும் இதையேதான் சொல்கிறது. வெளிநாட்டிலிருந்து உடலைக் கொண்டுவருவது எவ்வளவு பெரிய பாடு என்று எனக்குத் தெரியும். நீங்கள் செய்தது சரி. ஊரில் யாராவது வேறு மாதிரிச் சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

தடை இருப்பது அதற்கு அடுத்த கட்டத்தில். 2016இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை வெளியிட்ட அறிவுறுத்தல், சாம்பலைக் காற்றிலோ நிலத்திலோ கடலிலோ தூவக் கூடாது, நினைவுப் பொருள்களிலும் நகைகளிலும் அடைத்து வைக்கக் கூடாது, கல்லறைத் தோட்டம் போன்ற புனித இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. குடும்பத்தார் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வதையும் அது ஏற்கவில்லை.

ஜெரால்டு தன் பங்குக்கு 2023 டிசம்பரில் அதே துறை தந்த விளக்கத்தை அச்செடுத்துக் கடிதத்தோடு இணைத்திருந்தார். தம்பி, நீங்கள் வக்கீல் ஆகியிருக்க வேண்டியவர். அதைக் கவனமாகப் படித்தேன். இறந்தவருக்கு முக்கியமாக இருந்த ஓர் இடத்தில் அஸ்தியின் மிகச் சிறிய பகுதியை வைத்துக்கொள்ளக் குடும்பம் கேட்டால், திருச்சபை அதிகாரி அதைப் பரிசீலிக்கலாம் என்று அதில் இருப்பது உண்மைதான். ஆனால் அது ஓர் இடத்தில் வைப்பதைப் பற்றியது. கழுத்தில் அணிவதைப் பற்றியதோ அலையில் விடுவதைப் பற்றியதோ அல்ல. பங்குத்தந்தை தானாக முடிவெடுக்கும் விஷயமும் அல்ல. ஆயர் இல்லத்தில் கேட்டதற்கு, கல்லறைத் தோட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது பிரித்து வைக்க ஒரு காரணமும் தெரியவில்லை என்றார்கள். எனக்கும் அப்படியே தோன்றியது.

கப்பலில் இறந்தவர்களைக் கடலில் இறக்குவதில்லையா என்றும் கேட்டிருந்தீர்கள். உண்டு. கரை தொலைவில் இருந்த காலத்தில், வேறு வழியில்லாமல், உடலை முழுதாகத் துணியில் சுற்றி, ஜெபம் சொல்லி இறக்கினார்கள். உங்கள் வீட்டிலிருந்து நம் கல்லறைத் தோட்டம் நானூறு அடி.

சட்டத்தை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் நீங்கள் மனத்தாங்கலோடு போய்விடுவீர்கள். என் மனதில் இருப்பதையும் சொல்கிறேன். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது நான் மேற்குக் கடற்கரைப் பங்குகளுக்கு உதவிக்குப் போயிருந்தேன். கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை; பலரின் உடலும் கிடைக்கவில்லை. ஒரு வீட்டில், மகன் போட்டுக் கழித்த சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் உட்கார்ந்திருந்தார். மண்ணில் வைப்பதற்கு ஏதாவது ஒன்று வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு வேண்டுதலே இல்லை. கடல் எடுத்துக்கொண்டவர்களை நினைத்து மெழுகுவர்த்தி ஏற்ற இடம் தேடி அலையும் கரை இது. நம் கையில் இருக்கும் ஒருவரை நாமே கடலிடம் கொடுப்பதற்கு என்னால் சிலுவை அடையாளம் போட முடியவில்லை.

ஞானஸ்நானத் தண்ணீர் பட்ட உடல் அது. நெற்றியில் கிறிஸ்மா தைலம் பூசிய உடல். சாம்பலான பிறகும் அது சூசை மிக்கேலின் உடல்தான் என்று நாம் நம்புவதால்தான் அதற்கு ஓர் இடம், ஒரு பெயர், வருடத்துக்கு ஒரு நாளாவது யாராவது வந்து நிற்க ஒரு வாசல் வேண்டும் என்கிறோம். நீங்கள் மூன்று பேரும் மூன்று ஊர்களில் இருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகள் இங்கே வந்து "தாத்தா எங்கே?" என்று கேட்டால் கடலைக் காட்டுவீர்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் நவம்பர் 2ஆம் தேதி கல்லறை மந்திரிப்பின்போது ஊரே அவரவர் கல்லறையின் தலைமாட்டில் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்துக்கொண்டு நிற்கும். உங்கள் அம்மா பிரகாசியின் கல்லறைக்குப் பக்கத்தில் மட்டும் இடம் வெறுமையாகக் கிடக்கும். அந்த இடத்தை உங்கள் அப்பாவே கேட்டு ஒதுக்கி வைத்திருக்கிறார். 2009இல் அம்மா இறந்தபோது எழுதிய பதிவேட்டில் அது இருக்கிறது. கோயில்பிள்ளை எடுத்துக் காட்டினார். ஆகவே அவர் கடைசியில் சொன்ன சொல் ஒன்று இருக்கிறது, பதினாறு வருடத்துக்கு முன் சொன்ன சொல்லும் ஒன்று இருக்கிறது.

இனி, என்ன செய்ய முடியும் என்பதைச் சொல்கிறேன்.

முப்பதாம் நாள் திருப்பலியை நீங்கள் கேட்டபடி செப்டம்பர் 20, சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாம். மாலை ஐந்து மணி. அஸ்திக் கலசத்தைப் பீடத்துக்கு முன்னால் வைத்து, உடல் இருந்தால் எப்படிச் செய்வோமோ அப்படியே தீர்த்தம் தெளித்து, தூபமிட்டு, இறுதி ஜெபங்களைச் சொல்வோம். பிறகு பவனியாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், அம்மாவின் கல்லறைக்கு வலப்புறம் அடக்கம் செய்வோம். கலசம் சிறியது என்பதால் பழைய கல்லறையைத் திறக்க வேண்டியதில்லை. பக்கத்தில் மூன்றடி தோண்டினால் போதும். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. திருப்பலிக்கு நீங்கள் தர விரும்புவதைத் தரலாம், தராமலும் இருக்கலாம்.

அப்பாவின் கடலைப் பற்றி: அன்றைக்கே, திருப்பலிக்கு முன்னால், மூன்று மணிக்குக் கலசத்தை உங்கள் பெரியப்பா மகன் அருளின் வள்ளத்தில் வைத்து, அப்பா வழக்கமாக வலை போட்ட பக்கம் ஒரு சுற்று போய்விட்டு வாருங்கள். சனிக்கிழமை மதியத்துக்குள் வள்ளங்கள் கரையேறிவிடும், மறுநாள் ஞாயிறு ஓய்வு என்பதால் யாருக்கும் அவசரம் இருக்காது என்று அருள் சொன்னார். கலசம் மூடியபடியே போய் மூடியபடியே திரும்ப வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை. பூக்களைக் கடலில் விடலாம். ஒரு பத்துமணி ஜெபமாலை சொல்லலாம். இது சடங்கு அல்ல. எந்தப் புத்தகத்திலும் இதற்கு ஒரு பக்கம் கிடையாது. வீட்டை விட்டுப் புறப்படுகிற மனிதரை ஒருமுறை வாசலில் நிறுத்துகிறோம், அவ்வளவுதான். அழைத்தால் நானும் வருகிறேன். கரிசல் காட்டில் பிறந்தவன் நான், வள்ளத்தில் ஏறினால் தலை சுற்றும். யாராவது பக்கத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக இருந்தால் அருள் சொல்வதே முடிவு. கரையில் நின்றே ஜெபிப்போம்.

பதக்கங்களுக்குப் பதிலாக ஒரு யோசனை, அதுவும் என் யோசனை அல்ல. உங்கள் அப்பாவின் வலை பின்னும் ஊசிகள் ஏழெட்டு, மூங்கிலில் அவரே செதுக்கியவை, இன்னும் அருளின் வீட்டுப் பரணில் கிடக்கின்றனவாம். லில்லி மஸ்கட்டிலிருந்து வரும்போது அவற்றைப் பார்க்கட்டும். அவர் கை பட்டுத் தேய்ந்து பளபளக்கின்றன என்றார்கள்.

கிளாரா வரும்போது அங்கே கொடுத்த இறப்புச் சான்றிதழையும் தகனச் சான்றிதழையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளட்டும். பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டாம். நம் இறந்தோர் பதிவேட்டில் எழுதுவதற்கு அவற்றின் நகல் எனக்கு வேண்டும். கலசத்தை வழியில் யார் வீட்டிலும் தங்க வைக்கத் தயங்கினால், நேராகக் கோயிலுக்கே கொண்டுவந்துவிடுங்கள். எந்த நேரமானாலும் கோயில்பிள்ளை கதவைத் திறப்பார்.

இந்தப் பதில் உங்களில் யாருக்காவது பாரமாக இருந்தால், கோபமாகவே இருந்தாலும், எனக்குப் போன் செய்யுங்கள். இரவு எட்டு மணிக்குமேல் நான் ஓய்வாகத்தான் இருப்பேன். ஒன்றும் பேசாமல் அஸ்தியை வேறு எங்காவது கொண்டுபோய்விட வேண்டாம் என்பது மட்டும் என் தாழ்மையான வேண்டுகோள்.

இன்னும் ஒன்று. கல்லறைப் பலகையில் அம்மாவின் பெயருக்குக் கீழே அப்பாவின் பெயரைப் பொறிக்கக் கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். ஞானஸ்நானப் பதிவேட்டில் 'சூசை மிக்கேல்' என்று இரண்டு சொல்லாக இருக்கிறது. உங்கள் கடிதத்தில் 'சூசைமிக்கேல்' என்று சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். எது வேண்டும் என்று பத்தாம் தேதிக்குள் சொல்லிவிடுங்கள். அவர் உளியை எடுத்துவிட்டால் பிறகு திருத்த முடியாது.

ஜெபத்துடன்,
உங்கள் பங்குத்தந்தை