ஜப்பான் வாஷிங் மெஷின்: படத்தில் உள்ள பட்டன்கள்

அக்கா, ஜப்பான் எழுத்துப் பட்டன்கள் என்னெண்டு கேட்டு உப்புவெளியிலிருந்து நீங்கள் அனுப்பின மெஷின் படம் தெளிவாயிருக்கு. பனசொனிக், மேலால் உடுப்புப் போடுறது. பட்டனுக்கு முதல் பிளக்கைப் பாருங்கோ. இது 100 வோல்ட் மெஷின். எங்கட 230 வோல்ட்டில் நேரே குத்தினால் சர்க்கிட் போர்ட் எரிஞ்சிடும். 1000 வாட் இறக்கு டிரான்ஸ்போமர் வேணும்.

`入` அழுத்தினால் உயிர் வரும், `切` நிப்பாட்டும். `コース` பட்டனில் `標準` இல் விளக்கு எரியட்டும், அன்றாட உடுப்புக்கு அதுவே காணும். பிறகு `スタート`. தண்ணி இல்லாமல் கொஞ்சம் சுத்தும். பழுதில்லை, உடுப்பின்ர பாரம் பாக்குது. தண்ணி அளவு காட்டினதும் தூளைப் போட்டு மூடியைச் சாத்துங்கோ. இடையில் நிறுத்தவும் அதே `スタート` தான்.

`洗い` தோய்க்கிறது, `すすぎ` அலசுறது, `脱水` பிழியிறது. மழைக்கு நனைஞ்ச உடுப்பெண்டால் `脱水` மட்டும் போதும்.

`予約` ஐத் தொடாதேங்கோ. அது நேரம் குறிக்கிறது. தெரியாமல் அழுத்திப்போட்டு மெஷின் ஓடேல்லை எண்டு பாஸ்காரரைக் கூப்பிடுறவை கனபேர். `ふろ水` குளியல் தொட்டித் தண்ணி உறிஞ்சுறதுக்கு, விளக்கு அணைஞ்சிருக்கோணும். `槽洗浄` உடுப்பில்லாமல் தொட்டி கழுவ.

`U14` வந்தால் தண்ணி வரேல்லை: டாங்கி உயரம் காணாது, இல்லாட்டி பைப் வாய் வலையில் மண். வலையைக் கழட்டிப் பழைய பிரஷ்ஷால் தேயுங்கோ. `U11` தண்ணி வடியேல்லை, கழிவுக் குழாய் மடிஞ்சிருக்கோ எண்டு பாருங்கோ. `U12` மூடி திறந்திருக்கு.