பதினெட்டை முதலில் காப்போம்: தருமபுரி உறுப்பினரின் தொடக்க உரை

மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே, அவை உறுப்பினர்களே, வணக்கம்.

என் பெயர் மு. கவிதா. சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். அரசுக் கல்லூரியில் இளங்கலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பைத் தாண்டிய முதல் பெண் நான்தான். இந்த மாதிரி நாடாளுமன்றத்தில் தருமபுரி தொகுதி உறுப்பினராக எதிர்க்கட்சி வரிசையிலிருந்து பேசுகிறேன்.

நம் முன்னால் இருப்பது குழந்தைத் திருமணத் தடை திருத்த மசோதா. பெண்ணின் திருமண வயதை 18இலிருந்து 21ஆக உயர்த்தச் சொல்கிறது. உண்மையான மக்களவையில் இது 2021 டிசம்பரில் அறிமுகமாகி, நிலைக்குழுவுக்குப் போய், 2024இல் அவை கலைந்தபோது காலாவதியானது. அதையே அரசுத் தரப்பு நண்பர்கள் இங்கே மறுபடி கொண்டுவந்திருக்கிறார்கள். அவர்களின் நோக்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் மசோதாவை இப்போதிருக்கும் வடிவில் எதிர்க்கிறேன்.

காரணம் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை தொடங்கும் வரையிலான அந்தக் கோடைதான் எங்கள் பெண்களுக்கு ஆபத்தான காலம். என் தோழி ஒருத்தி அந்த ஜூன் மாதம் டி.சி. வாங்கத் தன் அம்மாவோடு பள்ளிக்கு வந்தாள். காலில் மெட்டி இருந்தது. கையெழுத்துப் போடும்போது தலை நிமிரவே இல்லை. அவளுக்கு வயது பதினாறு. அன்றைக்கே சட்டம் 18 என்றுதான் சொன்னது. அதை 21 என்று எழுதியிருந்தால் அவளுக்கு என்ன மாறியிருக்கும்?

2006ஆம் ஆண்டுச் சட்டத்தில் பல்லே இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், தடுப்பதற்கென்று தனி அலுவலர், எல்லாம் இருக்கிறது. 1098க்கு யாராவது போன் செய்தால் அதிகாரிகள் வருகிறார்கள், கல்யாணத்தை நிறுத்துகிறார்கள். பதினெட்டு முடியும்வரை கட்டிக்கொடுக்க மாட்டோம் என்று பெற்றோரிடம் எழுதி வாங்குகிறார்கள். அப்புறம்? அந்தத் தாள் கோப்பில் கிடக்கும். அடுத்த முகூர்த்தத்தில் வேறொரு ஊர்க் கோயிலில் தாலி ஏறிவிடும். கல்யாணம் நின்ற மறுநாளிலிருந்து அந்தப் பெண் பள்ளிக்குப் போகிறாளா என்று பார்க்க ஆள் வேண்டும். இந்த மசோதாவில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

இன்னொரு பயமும் இருக்கிறது. இந்த மசோதா நிறைவேறினால் இருபது வயதுப் பெண் சட்டத்தின் கண்ணில் குழந்தை. வாக்களிக்கலாம், ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம், ஆனால் தனக்குப் பிடித்தவரை மணக்க முடியாது. சாதி மாறிக் கட்டிய ஜோடியைப் பிரிக்க நினைப்பவர்கள் கையில் இது ஆயுதமாகும். 2012 நவம்பரில் ஒரு கலப்பு மணத்துக்குப் பிறகு நத்தம் காலனி எரிந்த மாவட்டம் இது. எங்களுக்கு இது வெறும் கற்பனைப் பயம் இல்லை.

ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என்பது சமத்துவமா என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. இருவருக்கும் 18 என்று வைத்தாலும் சமத்துவம் வரும். சட்ட ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு ஆலோசனை அறிக்கை அதைத்தான் பரிந்துரைத்தது. தாயின் உடல்நலம் என்ற வாதத்தையும் மதிக்கிறேன். ஆனால் பதினைந்து, பதினாறில் பிள்ளை பெறும் பெண்ணை விட்டுவிட்டு அந்த வாதத்தை இருபதில் தொடங்குவது எப்படி நியாயம்?

மசோதாவில் நான் முழு மனதோடு ஏற்பதும் ஒன்று உண்டு. குழந்தைத் திருமணத்தை ரத்து செய்யக் கோரும் காலம் இப்போது இருபது வயதோடு முடிகிறது. அதை இருபத்து மூன்று வரை நீட்டுகிறார்கள். இருபது வயதில் கையில் பிள்ளையோடு நீதிமன்றப் படி ஏறுவது எங்கள் பெண்களுக்கு லேசான காரியம் இல்லை. அந்தப் பிரிவு அப்படியே இருக்கட்டும்.

வயதை உயர்த்தும் பிரிவுக்குப் பதிலாக என் தரப்பு மூன்று திருத்தங்களை வைக்கிறது. வட்டத்துக்கு ஒரு முழுநேரத் தடுப்பு அலுவலர் வேண்டும். இப்போது மாவட்ட சமூக நல அலுவலர் பல வேலைகளோடு இதையும் பார்க்கிறார். நிறுத்தப்பட்ட ஒவ்வொரு திருமணத்திலும் அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு நிறையும்வரை மாதம் ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். மூன்றாவது, அஞ்செட்டி, தளி, ஏரியூர் போன்ற பகுதிகளில் மேல்நிலைப் பள்ளியை ஒட்டி மாணவியர் விடுதியும், மாலை வகுப்பு விடும் நேரத்துக்குப் பேருந்தும். அரசு தரும் புதுமைப்பெண் உதவித்தொகை, மாதம் ஆயிரம் ரூபாய், கல்லூரிக்கு வந்தால்தான் கைக்கு வரும். பதினொன்றாம் வகுப்புக்கே வர முடியாத பெண்ணுக்கு அது எட்டாது.

அரசுத் தரப்பிடம் ஒரே ஒரு கேள்வி: 18ஐக் காப்பாற்ற இந்த மசோதாவில் எத்தனை ரூபாய் ஒதுக்கியிருக்கிறீர்கள்? அதற்குப் பதில் வந்தபிறகு 21ஐப் பற்றிப் பேசத் தயாராக இருக்கிறேன்.

திருத்தங்களின் எழுத்து நகலை அவையின் மேசையில் வைக்கிறேன். எனக்கு மீதமுள்ள நேரத்தைக் கிருஷ்ணகிரி உறுப்பினருக்குத் தருகிறேன்.