எக்ஸ்ரே வைவாவுக்கு முந்தின இரவு: முறிவும் அது விட்டுப்போகும் கோளாறும்

மக்கா, நாளைக்கு ஆசாரிப்பள்ளத்தில் ஆர்த்தோ வைவா. லைட் பாக்ஸில் படம் ஏறியவுடன் முறிவின் பெயரைச் சொல்ல அவசரப்படாதீங்க. பெயரைப் பாதிப்பேர் சொல்லிவிடுவார்கள். அடுத்த கேள்வி எப்போதும் "இதுக்கு காம்ப்ளிகேஷன் என்ன?" என்பதுதான், மார்க் பிரிவது அங்கேதான். பட்டியலை மனப்பாடம் செய்தால் மேசை முன்னால் மறந்துபோகும். படத்தைப் பார்த்து மூன்று கேள்வி கேளுங்க. முறிவுக்கோட்டை உரசிக்கொண்டு எந்த நரம்பு, எந்தத் தமனி போகிறது? உடைந்த துண்டுக்கு ரத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? கோடு மூட்டுக்குள்ளேயோ வளர்ச்சித் தட்டுக்குள்ளேயோ இறங்குகிறதா? பதில் படத்திலேயே கிடைக்கும்.

சொல்லும் ஒழுங்கு இது: வயது, எந்தப் பக்கம், எந்த வியூ, எந்த எலும்பு, எந்தப் பகுதி, கோட்டின் வடிவம், கீழ்த்துண்டு எந்தத் திசையில் விலகியிருக்கிறது. விலகலை எப்போதும் கீழ்த்துண்டை வைத்துத்தான் சொல்ல வேண்டும். மேல், கீழ் மூட்டுகள் இரண்டும் படத்தில் இல்லையென்றால் அதையும் சொல்லிவிடுங்க.

முதலில் சூப்ராகாண்டிலார் ஹியூமரஸ். வரும் வாய்ப்பு மிக அதிகம், அதனால் இங்கே நேரம் எடுக்கலாம். ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளை, கொல்லாமரத்திலிருந்து கையை ஊன்றி விழுந்தது என்று கேஸ் ஆரம்பிக்கும். பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன் வகை: கீழ்த்துண்டு பின்னோக்கிப் போயிருக்கும். லேட்டரல் வியூவில் ஹியூமரஸின் முன்விளிம்பை ஒட்டி ஒரு கோடு இழுத்தால் அது கேப்பிடெல்லத்தின் நடுமூன்றில் ஒரு பங்கு வழியாகப் போக வேண்டும். முன்னால் விலகிப் போனால் துண்டு பின்னால் சாய்ந்திருக்கிறது. விலகலே இல்லாத கார்ட்லேண்ட் ஒன்றில் கோடு கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். அப்போது போஸ்டீரியர் ஃபேட் பேட் தெரிகிறதா பாருங்க. தெரிந்தால் முறிவு இருப்பதாகவே எடுத்துக்கொண்டு சிகிச்சை செய்ய வேண்டும். இரண்டாம் வகையில் பின்புறக் கார்டெக்ஸ் தொடர்ந்திருக்கும், மூன்றாம் வகையில் முற்றிலும் அறுந்திருக்கும்.

இனி விலகும் திசையைப் பாருங்க, இங்கேதான் நரம்பு வருகிறது. கீழ்த்துண்டு பின்பக்கமாகவும் வெளிப்பக்கமாகவும் போனால் மேல்துண்டின் கூர்முனை முன்பக்கம் உள்ளே குத்தும். அங்கே இருப்பது பிரேக்கியல் தமனியும் மீடியன் நரம்பும். ஆன்டீரியர் இன்டராசியஸ் கிளைதான் அதிகம் பாதிக்கப்படும். பிள்ளையிடம் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் போடச் சொல்லுங்க, நுனிகள் மடங்காது. தோலில் உணர்ச்சி இழப்பு இருக்காது, அதனால் தவறவிடுவது சுலபம். கீழ்த்துண்டு பின்பக்கமாகவும் உள்பக்கமாகவும் போனால் ரேடியல் நரம்பு. ஃப்ளெக்ஷன் வகையிலும், உள்பக்கத்திலிருந்து கே-வயர் குத்தும்போதும் அல்னார் நரம்பு.

நாடித்துடிப்பு இல்லை, ஆனால் கை சிவந்து சூடாக இருக்கிறது என்றால் முதல் வேலை அவசரமாக எலும்பை ஒழுங்குபடுத்துவது, பிறகு மறுபடி சோதிப்பது. கை வெளுத்து, ஒழுங்குபடுத்திய பிறகும் ரத்தம் திரும்பவில்லை என்றால் தமனியைத் திறந்து பார்க்க வேண்டும். வோல்க்மன் இஸ்கிமியாவின் முதல் அறிகுறி, விரல்களை நாம் நீட்டும்போது வரும் தாங்க முடியாத வலி. நாடி இருப்பதால் அது இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. நம் ஊரில் ஆசானிடம் கட்டுப் போட்டுவிட்டு வரும் பிள்ளைகள் உண்டு. எப்போது கட்டினார்கள், எவ்வளவு இறுக்கம், அதற்குப் பிறகு வலி கூடியதா என்பதை ஹிஸ்டரியில் மரியாதையோடு கேட்டு எழுதுங்க. கட்டு இறுக்கமாக இருந்தால் முதலில் அவிழ்ப்பதுதான் சிகிச்சை.

பின்னாளில் வருவது கியூபிட்டஸ் வேரஸ். காரணம் கோணலாகக் கூடியது, வளர்ச்சி நின்றதால் அல்ல. ஏபி வியூவில் பவுமன் கோணத்தை மறு கையோடு ஒப்பிட வேண்டும். கை பார்க்க வளைந்திருக்கும், வேலைக்குப் பெரிய தடை இருக்காது.

பக்கத்திலேயே லேட்டரல் காண்டைல். கோடு வளர்ச்சித் தட்டையும் மூட்டையும் வெட்டும், சால்டர் ஹாரிஸ் நான்கு. மூட்டுத் திரவம் கோட்டுக்குள் இறங்குவதாலும் எக்ஸ்டென்சார் தசைகள் துண்டை இழுப்பதாலும் கூடாமல் போகும். அதிலிருந்து கியூபிட்டஸ் வேல்கஸ், பல வருடம் கழித்து அல்னார் நரம்பு வாதம். இந்தச் சங்கிலியை அப்படியே சொல்லிவிட்டால் பரிசோதகர் அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

முன்கையில் ஒரு எலும்பு மட்டும் உடைந்திருந்தால் சந்தேகப்படுங்க. அல்னா உடைந்து ரேடியஸ் தலை இடம் பெயர்ந்தால் மான்டேஜியா. எந்த வியூவிலும் ரேடியஸ் தண்டின் கோடு கேப்பிடெல்லத்தைத் தொட வேண்டும். போஸ்டீரியர் இன்டராசியஸ் நரம்பைச் சோதியுங்க. ரேடியஸ் கீழ்ப்பகுதி உடைந்து கீழ் ரேடியோ அல்னார் மூட்டு விலகினால் கலியாசி. பெரியவர்களுக்கு அறுவை சிகிச்சை தேவை.

கோலிஸில் கீழ்த்துண்டு பின்னால் சாய்ந்து, ரேடியல் பக்கம் விலகி, உள்ளே அமுங்கியிருக்கும். அதிகம் காணும் கோளாறு விரல் விறைப்பு. அதனால்தான் கட்டுப் போட்ட நாளிலிருந்தே விரலை அசைக்கச் சொல்கிறோம். கோணலாகக் கூடுதல், கார்பல் டனல், சூடெக், எக்ஸ்டென்சார் பாலிசிஸ் லாங்கஸ் தசைநாண் அறுதல் ஆகியவையும் உண்டு. கடைசியாகச் சொன்னது விலகாத முறிவிலும் வரும் என்பதைக் கேட்பார்கள்.

ஸ்காஃபாய்டில் ரத்தம் கீழ்நுனியிலிருந்து மேல்நோக்கி ஓடுகிறது. அந்த எலும்பின் இடுப்புப் பகுதி உடைந்தால் மேல்நுனி பட்டினி கிடக்கும்: நெக்ரோசிஸ், கூடாமை. முதல் நாள் படம் நார்மலாக இருக்கலாம். ஸ்னஃப் பாக்ஸில் வலித்தால் கட்டுப் போட்டு 10 முதல் 14 நாளில் மறுபடி படம், வசதி இருந்தால் எம்ஆர்ஐ. பின்னால் எடுக்கும் படத்தில் மேல்நுனி மட்டும் அடர்த்தியாக வெளுத்துத் தெரிந்தால் நெக்ரோசிஸ் என்று சொல்லுங்க.

ஹியூமரஸ் தண்டு முறிந்தால் ரேடியல் நரம்பு. கீழ் மூன்றில் சுருள் கோடு என்றால் ஹோல்ஸ்டீன் லூயிஸ்.

ஃபீமர் கழுத்து உங்களுக்கு லாங் கேஸாகவே வரலாம். ஷென்டன் கோடு முறிந்திருக்கிறதா பாருங்க. கார்டன் ஒன்று வேல்கஸில் குத்தி நிற்பது, இரண்டு முழு முறிவு ஆனால் விலகாதது, மூன்று பாதி விலகல், நான்கு முழு விலகல். தலைக்கு ரத்தம் முக்கியமாக மீடியல் ஃபெமரல் சர்கம்ஃப்ளெக்ஸிலிருந்து கழுத்தை ஒட்டி ஏறுகிறது. விலகல் கூடக்கூட அது கிழியும், நெக்ரோசிஸ் கூடும். பாவெல்ஸ் கோணம் 50 டிகிரியைத் தாண்டினால் முறிவு முகங்கள் வழுக்கும், கூடாமை கூடும். இளைஞருக்குச் சொந்தத் தலையைக் காப்பாற்ற அவசரமாக ஒழுங்குபடுத்திப் பிணைக்க வேண்டும். வயதானவருக்கு விலகியிருந்தால் ஆர்த்ரோபிளாஸ்டி. இன்டர்ட்ரோகான்டெரிக் இதற்கு எதிர்: காப்ஸ்யூலுக்கு வெளியே, ரத்தம் நிறைய. பெரும்பாலும் கூடிவிடும், ஆனால் காக்ஸா வேராவாக. காலின் வெளித்திருப்பமும் இதில் அதிகம்.

ஃபீமர் தண்டு முறிந்த இளைஞர் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் மூச்சுத் திணறி, குழம்பி, அக்குளிலும் கண் இமைக்குள்ளும் புள்ளிகள் வந்தால் ஃபேட் எம்பாலிசம். சூப்ராகாண்டிலார் ஃபீமரில் பாப்லிட்டியல் தமனி.

மார்த்தாண்டம் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்த டிபியா. கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமைப் படம் காட்டாது, விலகாத முறிவிலும் வரும், திறந்த காயத்திலும் வரும். டயஸ்டாலிக் அழுத்தத்துக்கும் கம்பார்ட்மென்ட் அழுத்தத்துக்கும் வித்தியாசம் 30-க்குக் கீழே போனால் ஃபாஷியாட்டமி. நோயாளி வலி தெளிவாகச் சொல்லும்போது எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

கடைசியாகக் குதிகால். பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ நேராகக் காலூன்றி விழுந்தவர். லேட்டரலில் போலர் கோணம் 20 முதல் 40 டிகிரி இருக்க வேண்டும், குறைந்தால் எலும்பு நசுங்கியிருக்கிறது. பின்னாளில் சப்டேலார் ஆர்த்ரைட்டிஸ். இதைச் சொல்லி நிறுத்தாமல் மறு குதிகாலுக்கும் முதுகெலும்புக்கும் படம் கேளுங்க, டி12, எல்1 சுற்றி நசுங்கியிருக்கலாம். டேலஸ் கழுத்து வந்தால் ஹாக்கின்ஸ் சைனைச் சொல்லுங்க: ஆறு முதல் எட்டு வாரத்தில் டேலஸ் மேற்பரப்புக்குக் கீழே கறுப்புக் கோடு தெரிந்தால் ரத்தம் ஓடுகிறது, நல்லது. தெரியவில்லை என்றால் நெக்ரோசிஸை எதிர்பார்த்துத் தொடர்ந்து படம் எடுக்க வேண்டும்.