ஒற்றை லை

ஸ்ரீராமபுரத்து அச்சகத்தில் சேர்ந்தபோது செல்வத்துக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும். பெங்களூரில் அவன் படித்தது கன்னடப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்துகளை அறை அறையாகப் பிரித்த அச்சுப் பெட்டியான கேஸிலிருந்துதான் கற்றுக்கொண்டான், அதுவும் இடம் வலமாகத் திரும்பிய ஈய எழுத்துகளாக. இந்த வேலையில் கண்ணுக்கு முந்தியே கட்டை விரல் படித்துவிடும். எழுத்தின் உடம்பிலுள்ள வெட்டு விரலில் பட்டால் அது சரியாக நிற்கிறது என்று அர்த்தம்.

1986இல் ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் கேஸைத் துடைக்கச் சொன்னார் தணிகாசலம். அடிக்காகிதத்தை உரித்தபோது மூலையில் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தான். ல மாதிரிதான், ஆனால் முன்னால் யானைத் துதிக்கைபோல ஒரு சுழி.

"அண்ணே, இது எந்த அறைக்குப் போகும்?"

"பழைய லைடா. 78ல தமிழ்நாட்டுல எழுத்தை மாத்தினாங்க இல்ல? அப்புறம் சங்கிலிக் கொம்பு தனி, ல தனின்னு கோக்க ஆரம்பிச்சோம். பழசையெல்லாம் உருக்குறதுக்கு எடைக்குப் போட்டாச்சு. இதையும் அந்த டப்பாவுல போடு."

செல்வம் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அந்த வாரமே போளூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கையெழுத்துப் பிரதியில் 'ஏழுமலை' என்ற அவர் பெயரில் அதே துதிக்கை. மேலே ஒரு தடவை, 'இப்படிக்கு' என்பதன் கீழே ஒரு தடவை. கையில் இருப்பதோ ஒன்று. மேலே இருப்பது அழைப்பு, கீழே இருப்பது அவர் போடும் கையெழுத்து என்று செல்வத்துக்குத் தோன்றியது. கீழே கோத்தான்.

புரூப்பைப் பார்த்ததுமே தணிகாசலம் கண்டுபிடித்துவிட்டார். மற்ற எழுத்துகள் வருஷக்கணக்கில் அடிபட்டுத் தேய்ந்தவை. இது உழைக்காமல் கிடந்ததால் மயிரிழை உயரம் கூடுதல், காகிதத்தை அழுத்திக் கடித்திருந்தது.

"எடுத்துடவா அண்ணே?"

அவர் பதில் சொல்லாமல் பிளேடை எடுத்து, டிரெடில் அச்சு இயந்திரத்தில் காகிதத்துக்கு அடியில் வைக்கும் அட்டையில் அந்த இடத்தை மட்டும் மெல்லச் சுரண்டினார். "இப்ப அடி."

எல்லா எழுத்தும் ஒரே கறுப்பில் விழுந்தன.

மறுநாள் பெரியவர் புரூப்பை வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். விரல் கடைசி வரியில் நின்றது.

"மேலேயும் இதே லையைப் போடக் கூடாதா தம்பி?"

"ஒண்ணுதான் இருக்கு தாத்தா."

"சரி, என் கையெழுத்துல இருந்தாப் போதும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருநூறுன்னு சொல்லியிருந்தேன் இல்ல? இன்னும் அம்பது சேர்த்து அடிங்க. ஊர்ல எங்க வாத்தியார் வீட்டுக்கும் கொடுக்கணும்."